பிசிக்ஸ் எக்ஸாமுக்கு இன்னும் 10 நாள்: தம்பிக்கு தினம் காலைல அக்கா அனுப்புற மெசேஜ்

இன்னும் 10 நாள்
டேய் எழுந்துட்டியா? இன்னையிலேர்ந்து தினம் காலைல 6 மணிக்கு என்கிட்டேர்ந்து மெசேஜ் வரும், அன்னைக்கு என்ன படிக்கணும்னு அதுலயே இருக்கும். நைட் 9 மணிக்கு எது முடிஞ்சது எது முடியலன்னு ஒரே ஒரு வரி போடு, அத பாத்துதான் மறுநாள் பிளான் போடுவேன், அதனால முடியாதத முடிஞ்சதுன்னு மட்டும் சொல்லிடாத. இன்னைக்கு எலக்ட்ரோஸ்டேடிக்ஸ் முழுசும். சாயங்காலம் புக்க மூடி வச்சுட்டு ஃபார்முலா எல்லாத்தையும் வெள்ளைத்தாள்ல எழுது. பத்து தடவ வாசிக்கிறத விட ஒரு தடவ யோசிச்சு எழுதினா நல்லா நிக்கும்.

இன்னும் 9 நாள்
கரண்ட் எலக்ட்ரிசிட்டி. கிர்க்காஃப் கணக்கு 6 போடு, லூப்ல எந்தப் பக்கமா சுத்துறன்னு மொதல்ல அம்பு போட்டுட்டு ஆரம்பி, நடுவுல திசைய மாத்தாத. நேத்து தாள்ல விட்டுப்போன மூணு ஃபார்முலாவ மட்டும் படுக்கறதுக்கு முன்னாடி மறுபடி எழுது.

இன்னும் 8 நாள்
காலைல மேக்னட்டிசம், மதியத்துக்கு மேல இண்டக்‌ஷன். கிர்க்காஃப்ல 4 கணக்குதான் முடிஞ்சதுன்னு சொன்னல்ல, மிச்சம் 2 இன்னைக்கு மொதல் வேல.

இன்னும் 7 நாள்
காய்ச்சல்னு அம்மா சொன்னாங்க. இன்னைக்கு புக்க தொடாத, நிறைய தண்ணி குடி, தூங்கு. பிளான நான் பாத்துக்கறேன்.

இன்னும் 6 நாள்
இப்ப தேவலையா? ஒரு நாள் போனத ஈடுகட்டுறேன்னு நைட்டு முழிக்க வேணாம், அதுக்கு பதிலா பாடத்த குறைச்சுட்டேன். ஏசி சர்க்யூட்ல பெரிய டெரிவேஷன் ரெண்டையும் விட்டுடு, ரெசனன்ஸ், பவர் ஃபேக்டர் கணக்கு மட்டும் போதும். வேவ் ஆப்டிக்ஸ்ல யங் டபுள் ஸ்லிட் மட்டும். செமிகண்டக்டர் உனக்கு ஏற்கனவே நல்லா வரும், அதுக்கு வச்சிருந்த நேரத்தையும் எடுத்துட்டேன். தல வலிச்சா 4 மணியோட நிறுத்திடு.

இன்னும் 5 நாள்
10 மணிலேர்ந்து 1 மணி வரைக்கும் ஃபுல் டெஸ்ட். நெஜ எக்ஸாம் எந்த நேரமோ அதே நேரம், ஃபோன் வேற ரூம்ல. தெரியாத கேள்விய தாண்டிப் போய்ட்டு கடைசில திரும்பி வா. பேப்பர ஃபோட்டோ எடுத்து அனுப்பு, நான் திருத்தறேன்.

இன்னும் 4 நாள்
70க்கு 41. போன 29 மார்க்ல 11 மார்க் ரே ஆப்டிக்ஸ்ல மட்டுமே போயிருக்கு, அதுவும் பாடம் புரியாம இல்ல, சைன்ல. அதனால இன்னைக்கு போட்டிருந்த பிளான எடுத்துட்டேன், முழு நாளும் ரே ஆப்டிக்ஸ்தான். அந்த லென்ஸ் கணக்க பாரு: கான்வெக்ஸ் லென்ஸ், f = 20 செமீ, பொருள் 30 செமீ தூரத்துல. உனக்கு 12 வந்திருக்கு, ஏன்னா நீ மிரர் ஃபார்முலாவ போட்டிருக்க. மிரருக்கு 1/v + 1/u = 1/f, லென்ஸுக்கு 1/v − 1/u = 1/f. இங்க u = −30, அப்போ 1/v = 1/20 − 1/30 = 1/60, v = 60 செமீ. கணக்க தொட்டதும் மொதல்ல மிரரா லென்ஸான்னு ஓரத்துல எழுது, அடுத்து u, f ரெண்டையும் சைனோட எழுது, அதுக்கப்புறம்தான் ஃபார்முலா. இதே மாதிரி 15 கணக்கு, அவசரமே இல்ல.

இன்னும் 3 நாள்
15ல 13 சரி! ரொம்ப சந்தோஷம்டா, அந்த 11 மார்க்ல பெரும்பகுதி திரும்பி வந்துடும். இன்னைக்கு மாடர்ன் பிசிக்ஸ். ஃபோட்டோ எலக்ட்ரிக்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும், திரெஷோல்டுக்கு கீழ ஃப்ரீக்வன்சி இருந்தா வெளிச்சத்த எவ்ளோ கூட்டினாலும் எலக்ட்ரான் வெளிய வராது. கிராஃப் மூணையும் கையால வரைஞ்சு பாரு.

இன்னும் 2 நாள்
இனிமே புது பாடம் கிடையாது. விட்ட டெரிவேஷன இப்ப போய் எடுக்காத, யாராச்சும் அது கண்டிப்பா வரும்னு சொன்னாலும் எடுக்காத. டெஸ்ட்ல தப்பு பண்ண கேள்விகள மட்டும் திரும்ப போடு, மதியம் ஒரு மணி நேரம் ஃபார்முலா தாள். நைட் 10க்கு லைட் ஆஃப்.

நாளைக்கு எக்ஸாம்
மதியம் வரைக்கும்தான் படிப்பு. ஹால் டிக்கெட், ரெண்டு பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாம் இப்பவே பைல வச்சுட்டு ஃபோட்டோ அனுப்பு. 9:30க்கு படுத்துடு, தூக்கம் வரலன்னாலும் கண்ண மூடி படு, புக்க திருப்பி எடுக்காத. நைட் ரிப்போர்ட்டும் இன்னைக்கு வேணாம்.

இன்னைக்கு
சாப்ட்டுட்டு கிளம்பு. ஃபார்முலா தாள வழில ஒரு தடவ பாத்துட்டு உள்ள வச்சுடு, கேட்டுல நின்னு யார்கிட்டயும் எது படிச்ச எது படிக்கலன்னு பேசாத. பேப்பர் கைக்கு வந்ததும் முழுசா வாசி, நல்லா தெரிஞ்சதுல ஆரம்பி, லென்ஸ் கணக்கு வந்தா ஓரத்துல எழுத மறக்காத. 1 மணிக்கு அக்கா வெளிய நிக்கறேன்.