38 குஞ்சுகளுக்கான தடுப்பூசி அட்டவணையும் கண்ணில் சொட்டு விடும் முறையும்

அண்ணி, குஞ்சுகள் 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை பொரித்தவை. அதை முதல் நாளாக வைத்து எண்ணியிருக்கிறேன். எல்லாத் தேதியும் ஞாயிறாக அமைந்துவிட்டது, வீட்டில் கூட ஒரு ஆள் இருப்பார்.

ஜனவரி 11 (7ஆம் நாள்): வெள்ளைக் கழிச்சலுக்கு எஃப் வகை மருந்து. கண்ணில் ஒரு சொட்டு.

ஜனவரி 18 (14ஆம் நாள்): கம்போரோ. இதுவும் கண்ணில் ஒரு சொட்டு. இளங்குஞ்சின் நோய் எதிர்ப்பு உறுப்பையே தாக்கும் நோய் இது. வந்தால் மற்ற தடுப்பூசிகளும் சரியாகப் பிடிக்காது, அதனால் இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

பிப்ரவரி 1 (28ஆம் நாள்): வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா, கண்ணில். குடிநீரில் கலந்தும் கொடுக்கலாம். ஆனால் எந்தக் குஞ்சு எவ்வளவு குடித்தது என்று தெரியாது. 38தானே, கையில் பிடித்தே விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 15 (6 வாரம்): அம்மை. இறக்கைச் சவ்வில் ஊசியால் குத்துவது. இந்த மருந்தை எக்காரணம் கொண்டும் கண்ணில் விடக் கூடாது. 7 முதல் 10 நாளில் குத்திய இடம் சிறு கொப்புளமாக வீங்கியிருந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 1 (8 வாரம்): வெள்ளைக் கழிச்சலுக்கு ஆர்2பி, தோலுக்கு அடியில் அரை மில்லி. இது வீரியமான மருந்து, இதைவிடச் சின்னக் குஞ்சுக்குத் தாங்காது. ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். ஊசியைக் கால்நடை மருத்துவரையே போடச் சொல்லுங்கள். ஏப்ரல் 26 அன்று, முட்டைக்கு வரும் முன், இன்னொரு முறை.

மாரெக்ஸ் நோய்க்கான ஊசியைப் பொரித்த அன்றே போட்டிருக்க வேண்டும். நாம் போடவில்லை, இந்த ஈட்டுக்கு விட்டுவிடலாம்.

இனி சொட்டு விடுவது. அட்டவணையைவிட இதுதான் முக்கியம். போன கோடையில் கலக்கிய புட்டியைத் திண்ணையில் வெயில் படும்படி வைத்துவிட்டு மதியம் வரை நிதானமாக விட்டேன். 12 நாள் கழித்துக் கழிச்சல் வந்து 11 குஞ்சு போயிற்று. மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. சூட்டில் செத்தால் அது வெறும் தண்ணீர்தான்.

புட்டியும் கலக்கும் திரவமும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். வாங்கி வரும்போது பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். விடியற்காலையில் வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். எல்லாக் குஞ்சையும் ஒரு கூடையில் அடைத்த பிறகுதான் புட்டியைத் திறக்க வேண்டும். கூடவே வந்த திரவத்தை மட்டும் ஊற்றி, நுரை வராமல் மெதுவாகச் சுழற்றுங்கள். சொட்டும் மூடியைப் போட்டதும் பனிக்கட்டிக் கிண்ணத்தில் நிறுத்திவிடுங்கள். கலக்கியதிலிருந்து 2 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

குஞ்சை இடது உள்ளங்கையில் படுக்க வைத்து, ஒரு கண் மேலே பார்க்கும்படி தலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லப் பிடியுங்கள். கழுத்தை அமுக்க வேண்டாம். புட்டியை நேராகத் தலைகீழாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிறுத்தி ஒரே ஒரு சொட்டு. முனை கண்ணில் படக் கூடாது.

இங்கேதான் பொறுமை வேண்டும். விட்ட உடனே இறக்கினால் தலையை உதறி அத்தனையும் வெளியே தெறித்துவிடும். சொட்டு கண்ணில் பளபளவென்று நிற்கும், குஞ்சு ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும், சொட்டு உள்ளே போய்விடும். அதைப் பார்த்த பிறகு இறக்குங்கள். வழிந்துவிட்டால் இன்னொரு சொட்டு விடலாம், புட்டியில் 100 குஞ்சுக்கு மருந்து இருக்கிறது. ஒரு கண்ணில் விட்டால் போதும். விட்டதையெல்லாம் வேறு கூடையில் போடுங்கள், இல்லாவிட்டால் எந்தக் குஞ்சுக்கு விட்டோம் என்று தெரியாமல் குழம்பிவிடும்.

சோர்ந்து, இறகு சிலிர்த்து நிற்கும் குஞ்சு இருந்தால் அன்று விட வேண்டாம், தேறிய பிறகு விடலாம். அடுத்த 3, 4 நாள் லேசாகத் தும்மினால் பயப்படாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ தீனி எடுக்காமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை முடியும் வரை உங்கள் கண்ணைக் கசக்காதீர்கள். இந்த மருந்து பட்டால் மனிதருக்கும் கண் சிவந்து உறுத்தும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மிச்சம் உள்ள மருந்தை அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். புட்டியோடு கொதிக்க வைத்துக் குழியில் புதைத்துவிடுங்கள்.