மீதிப் பணம் தருமுன் ஒரு விளக்கம் வேண்டும்

கிளிநொச்சி
17.06.2025

வணக்கம் அண்ணை,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து வெள்ளை அக்குவா காருக்கு இரண்டு இலட்சம் முற்பணம் தந்த சுகந்தி எழுதுகிறேன். நேற்றுக் காரைக் கராச்சில் காட்ட நீங்கள் மறுக்காமல் தந்ததற்கு நன்றி. அங்கே தெரிந்த ஒரு விஷயத்தை நேராகவே கேட்கிறேன்.

திறப்பைப் போட்டதும் எல்லா லைட்டும் எரிந்து அணைந்தன. டாஷ்போர்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோது "Distance since codes cleared" என்ற இடத்தில், அதாவது பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்ற இடத்தில், 31 கிலோமீற்றர் என்று வந்தது. ஓடும்போது கார் தானாகச் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் சோதனையும் ஒட்சிசன் சென்சர் சோதனையும் இன்னும் முடியாமல் "Incomplete" என்று நின்றன. மெக்கானிக் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், படமும் எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஓடும் கார் என்றும், ஆறு மாதமாகக் கராச் பக்கமே போகவில்லை என்றும் சொன்னீர்கள். ஒருவழிப் பயணமே 31 கிலோமீற்றருக்கு மேல் அல்லவா? அப்படியென்றால் ஒன்றிரண்டு நாளைக்குள் யாரோ பிழைக் குறியீடுகளை அழித்திருக்க வேண்டும்.

உங்களைக் குற்றம் சொல்ல அவசரப்படவில்லை. 12 வோல்ற் பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் இந்தச் சோதனைகள் ஆரம்பத்துக்கு வந்துவிடலாம். அப்படி ஏதும் நடந்திருந்தால் பற்றரி வாங்கிய பில்லை அனுப்புங்கள். இல்லை, ஏதாவது லைட் எரிந்து திருத்தினீர்கள் என்றால் எந்தக் குறியீடு, என்ன வேலை செய்தது என்று அந்தக் கராச் துண்டோடு சொல்லுங்கள். திருத்திய காரை வாங்க எனக்குத் தயக்கமில்லை. பிழை உள்ளே இருக்க லைட்டை மட்டும் அணைத்த காரைத்தான் வாங்க முடியாது.

கையில் துண்டு ஒன்றும் இல்லையென்றால் வேறு வழியும் இருக்கிறது. வழமைபோல நாலைந்து நாள் ஓட்டுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு உங்கள் முன்னாலேயே திரும்ப ஸ்கேன் செய்வோம். ஏபிஎஸ், எயார்பாக், ஹைபிரிட் பற்றரி மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எஞ்சினை மட்டும் படிக்கும் சின்ன ஸ்கேனர் அதற்குப் போதாது. ஹைபிரிட் பற்றரிதான் எனக்குப் பெரிய பயம், அது போனால் செலவை என்னால் தாங்க முடியாது. ஸ்கேன் காசு என்னுடையது.

அம்மாவை மாதம் இருமுறை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக் கொண்டுபோகத்தான் இந்தக் கார். இருட்டிய பிறகு ஆனையிறவு வெளியில் கார் நின்றுவிட்டால், சர்க்கரை வருத்தக்காரியை வைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிடுவேன்? இரண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அண்ணை.

அடுத்த செவ்வாய்க்குள் பில்லாவது, மறு ஸ்கேனுக்குச் சம்மதமாவது எழுத்தில் தாருங்கள். விற்பனைக்கு முன் எச்சரிக்கை லைட் எதையும் மறைக்க அழிக்கவில்லை என்று விற்பனைத் துண்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வேண்டும். எல்லாம் சரியென்றால் மீதியை அன்றே வங்கியில் போடுவேன். இல்லையென்றால் முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
சுகந்தி