கிளேம் மறுத்ததுக்கு மேல்முறையீடு: பிரஷர் இருந்தத நான் மறைக்கல (கிளேம் இலக்கம் 2024/1183)

கிளேம்ஸ் மெனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தலவாக்கலையில இருந்து செல்வராஜ் எழுதுறேன், கொழுந்து லொறி ஓட்டுறேன். 2021 மார்ச்ல உங்க கொம்பனியில ஆஸ்பத்திரி செலவோட சேர்த்து லைஃப் பொலிசி போட்டேன். போன ஆகஸ்ட்ல நெஞ்சுவலி வந்து கண்டியில ஸ்டென்ட் வச்சாங்க, அதுக்கு 740,000 ரூபா கேட்டு கிளேம் போட்டதுக்கு ஒக்டோபர் 21ம் திகதி உங்க கடிதம் வந்துச்சு, பொலிசி எடுக்கும்போதே எனக்கு பிரஷர் இருந்துச்சாம், அத நான் மறைச்சேனாம், அதனால ஒரு சதமும் இல்லையாம். இந்த முடிவ நான் ஏத்துக்கல, திரும்ப பாக்கச் சொல்லி கேக்குறேன்.

நீங்க ஆதாரம்னு காட்டுறது கண்டி தனியார் ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட்ல இருக்கிற ஒரே ஒரு வரி, "HTN 5 yrs". அந்த வரி எப்பிடி வந்துச்சுன்னு சொல்றேன். என்னைய உள்ள கொண்டுபோன நேரம் நான் பேசுற நெலமையில இல்ல, டியூட்டி டொக்டர் என் சம்சாரத்துகிட்ட வீட்டுல யாருக்காவது பிரஷர், சீனி இருக்கான்னு கேட்டிருக்காரு, அவ மாமிக்கு அஞ்சு வருசமா பிரஷர் இருக்குன்னு சொல்லியிருக்கா. மாமின்னா என் அம்மா. அம்மாவோட வருத்தத்த என் பேர்ல எழுதிட்டாங்க. அந்த ராத்திரியில யாரு நின்னு கார்ட வாசிச்சு பாக்குறது?

கண்டிக்கு போறதுக்கு முன்னாடி என்னைய நுவரெலியாவுல அரசாங்க ஆஸ்பத்திரியில தான் முதல்ல சேர்த்தாங்க, அங்க நான் முழிச்சு தான் இருந்தேன், என்கிட்டயே கேட்டு எழுதினாங்க. அவங்க குடுத்த டிரான்ஸ்பர் கடிதத்துல பழைய வருத்தம்ங்கிற எடத்துல "nil" னு இருக்கு. இதோட கொப்பி கிளேம் போடும்போதே குடுத்தேன், ஆனா உங்க கடிதத்துல அதப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு பேப்பர்ல ரெண்டு விதமா இருந்தா, உங்களுக்கு சாதகமானத மட்டும் எடுத்துக்கிறது எந்த நியாயம்?

அடுத்தது உங்க சொந்த ஃபைல். எஜன்ட் தம்பி வீட்டுக்கு வந்து டெப்ல இங்கிலீஸ் போர்ம நிரப்பினாரு, தமிழ்ல கேட்டாரு, நான் பதில் சொன்னேன். குடும்பத்துல யாருக்கு என்ன வருத்தம்னு கேட்டப்ப அம்மாவுக்கு பிரஷர் இருக்குன்னு சொன்னேன், அவரும் போட்டுக்கிட்டாரு. தயவுசெஞ்சு போர்ம்ல குடும்ப விபரம் இருக்கிற பக்கத்த எடுத்து பாருங்க. மறைக்கிற எண்ணம் உள்ளவன் அம்மாவோட வருத்தத்த தானா வாயால சொல்லுவானா? அதுக்கப்புறம் நீங்க சொன்ன லேப்ல தான் ஹட்டன்ல மெடிக்கல் செஞ்சேன், பிரஷர் 124/80, ஈசிஜி நோர்மல், அத பாத்துட்டு தான் பொலிசி குடுத்தீங்க. உங்க ஆளே செக் பண்ணி ஒண்ணுமில்லன்னு எழுதினத வச்சுக்கிட்டு, எனக்கே தெரியாத வருத்தத்த நான் மறைச்சேன்னு எப்பிடி சொல்றீங்க? தெரிஞ்சத தானே சொல்ல முடியும்.

அஞ்சு வருசமா பிரஷர் உள்ளவனுக்கு கிளினிக் புத்தகம் இருக்கும், மாசா மாசம் மருந்து எடுத்த சீட்டு இருக்கும். அம்மாவுக்கு இருக்கு, ஓரமெல்லாம் கிழிஞ்சு பிளாஸ்திரி ஒட்டின புத்தகம், அதோட கொப்பியும் அவங்க அடையாள அட்டை கொப்பியும் இதோட வைக்கிறேன். எனக்கு அப்பிடி ஒண்ணு கிடையாது, தோட்டத்து டிஸ்பென்சரியில இருந்தும் என் பேர்ல பிரஷருக்கு மருந்து குடுத்த பதிவு இல்லன்னு கடிதம் வாங்கியிருக்கேன். கனரக லைசன்ஸ் புதுப்பிக்க 2022ல எடுத்த டிரான்ஸ்போர்ட் மெடிக்கலும் இருக்கு. எனக்கு ஸ்டென்ட் வச்ச இருதய டொக்டரும் இந்த அட்டாக்குக்கு முன்னாடி பிரஷருக்கு மருந்து எடுத்ததா எந்த ஆதாரமும் தன்கிட்ட இல்லன்னு எழுதி குடுத்திருக்காரு.

இன்னொண்ணு, நான் பொய் சொல்லி பொலிசி எடுத்தவன்னு கடிதம் அனுப்பிட்டு, அதுக்கு அடுத்த மாசமும் என் பேங்க் கணக்குல 6,850 ரூபா பிரீமியம் கழிச்சிருக்கீங்க. காசு வாங்கும்போது பொலிசி நல்ல பொலிசியா?

நான் கேக்குறது இது தான். கண்டி ஆஸ்பத்திரியில இருந்து பெட் ஹெட் டிக்கட்ட முழுசா எடுத்து, அந்த விபரத்த யாருகிட்ட கேட்டு எழுதினாங்கன்னு பாருங்க, தேவைன்னா என் சம்சாரத்தையும் கூப்புட்டு விசாரிங்க, அவ வருவா. நான் கையெழுத்து போட்ட போர்ம், ஹட்டன் மெடிக்கல் ரிப்போர்ட், நீங்க நம்பின பேப்பர் எல்லாத்துக்கும் எனக்கு கொப்பி வேணும். இத முதல்ல கிளேம பாத்த அதே ஆள் பாக்காம வேற ஒரு ஆள் பாக்கணும். பதில தமிழ்லயே அனுப்புங்க, போன கடிதத்த வாசிக்க இன்னொருத்தர தேடி அலைய வேண்டியதா போச்சு.

ஒரு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் வரலன்னாலோ, திரும்பவும் இதே காரணத்த சொன்னாலோ, இந்த பேப்பரெல்லாத்தையும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் அனுப்புவேன். ஸ்டென்ட்டுக்கு கட்டின காசுல பாதி நகை அடகு வச்சது, வட்டி ஏறிக்கிட்டே இருக்கு, அதனால சீக்கிரம் பாத்து சொல்லுங்க.

இப்படிக்கு,
மு. செல்வராஜ்
தலவாக்கலை
2024 நவம்பர் 12

இணைப்பு: டிரான்ஸ்பர் கடிதம், டயக்னோசிஸ் கார்ட், இருதய டொக்டர் கடிதம், டிஸ்பென்சரி கடிதம், அம்மாவோட கிளினிக் புத்தகமும் அடையாள அட்டையும், டிரான்ஸ்போர்ட் மெடிக்கல், பேங்க் ஸ்டேட்மென்ட்