தீவன இருப்புத் திட்டம்: 2025 அக்டோபர் 6 முதல் நவம்பர் 2 வரை

நான்கு ஷெட்டு மேற்பார்வையாளர்கள், குடோன், மிக்சர் ஆட்கள் எல்லோருக்கும்.

இந்த நான்கு வாரத்துக்கான கணக்கு ஞாயிறு காலை எடுத்த உயிர்க்கோழி எண்ணிக்கையை வைத்துப் போட்டது. போன மாதம் எத்தனை லோடு வாங்கினோம் என்பதை இந்தத் தடவை பார்க்கவே இல்லை. ஒரு ஷெட்டு காலியாகிறது, ஒரு ஷெட்டில் குஞ்சு இறங்குகிறது, ஒரு ஷெட்டு முட்டைக்கு வருகிறது. மூன்றும் ஒரே மாதத்தில் வரும்போது பழைய சராசரி நம்மைக் கவிழ்த்துவிடும்.

1ஆம் ஷெட்டு: 11,640 கோழி, 48 வாரம். தலைக்கு 108 கிராம். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோழி போனாலும் தீவனக் கணக்கு பெரிதாக மாறாது, அதனால் நான்கு வாரமும் 8,800 கிலோ என்றே வைத்திருக்கிறேன்.

2ஆம் ஷெட்டு: 9,300 கோழி, 80 வாரம். தலைக்கு 110 கிராம், நாளைக்கு 1,023 கிலோ. 15ஆம் தேதி புதன் இரவு வியாபாரி பிடிக்கிறார். 16இலிருந்து தீவனம் இல்லை.

3ஆம் ஷெட்டு: 10,450 வளர் கோழி. இந்த வாரம் 15ஆம் வாரத்தில் இருக்கிறது. 68, 71, 75, 80 கிராம் என்று வாரா வாரம் ஏறும். 17ஆம் வாரத்தில் குரோவரிலிருந்து பிரீ லேயருக்கு மாற்றம்.

4ஆம் ஷெட்டு: 13ஆம் தேதி 11,000 குஞ்சு இறங்குகிறது. முதல் வாரம் 11 கிராம், அடுத்தது 17, அதற்கடுத்தது 22. முதல் இரண்டு வார இறப்பைக் கழித்து 10,900, 10,850 என்று எடுத்திருக்கிறேன்.

வார வாரியாக, கிலோவில்:

| வாரம் | ஷெட்டு 1 | ஷெட்டு 2 | ஷெட்டு 3 | ஷெட்டு 4 | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| அக். 6–12 | 8,800 | 7,161 | 4,974 | – | 20,935 |
| அக். 13–19 | 8,800 | 3,069 | 5,194 | 847 | 17,910 |
| அக். 20–26 | 8,800 | – | 5,486 | 1,297 | 15,583 |
| அக். 27–நவ. 2 | 8,800 | – | 5,852 | 1,671 | 16,323 |

மொத்தம் 70,751 கிலோ. சிந்துவது, எலி, மிக்சரில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் 2 சதவீதம் சேர்த்தால் 72 டன்னுக்குக் கொஞ்சம் மேல். கூண்டுக்கு அடியில் தீவனம் அதிகம் கிடந்தால் தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நிறுத்தினாலே இந்த 2 சதவீதத்தில் பாதி மிஞ்சும்.

இனி சரக்கு. நம் கலவைப்படி டன்னுக்கு மக்காச்சோளம் லேயரிலும் பிரீ லேயரிலும் 520 கிலோ, குரோவரில் 480, சிக் மேஷில் 540. அந்த 2 சதவீதத்தையும் சேர்த்து நான்கு வாரத்துக்கு 37,190 கிலோ வேண்டும். நவம்பர் 2 இரவு ஒரு வாரத்துக்கு உண்டான 8,700 கிலோ கையில் நிற்க வேண்டும். இன்று குடோனில் எண்ணிய இருப்பு 14,200. மீதி 31,690 கிலோ, அதாவது 16 டன் லாரி இரண்டு.

முதல் லாரியை இன்றே சொல்லியாகிவிட்டது. தாவணகெரேயிலிருந்து 9ஆம் தேதி வியாழக்கிழமை வந்துவிடும். வராவிட்டால் 14ஆம் தேதி இரவோடு சோளம் தீர்ந்துவிடும், அதனால் 9 மாலைக்குள் லாரி கேட்டுக்கு வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது லாரி 17ஆம் தேதிதான் இறங்க வேண்டும். 15இல் வந்தால் சோளம் 32 டன்னாகிவிடும், குடோனில் சோளத்துக்கு இருக்கும் இடம் 30 டன்தான். தாழ்வாரத்தில் தார்ப்பாய் போட்டு அடுக்குவதை ஐப்பசி மழைக்காலத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 17ஐத் தாண்டினால் தீபாவளிக்கு டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

இப்போது வருவது புதுச் சோளம், ஈரம் இருக்கும். லாரியின் மேல் மூட்டையை மட்டும் பார்த்து இறக்கச் சொல்லாதீர்கள். நடுவிலும் அடியிலும் குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுத்துக் கடித்துப் பாருங்கள், நறுக்கென்று உடைய வேண்டும். பல்லில் அழுந்தினால் ஈரமானியில் வையுங்கள். 14 சதவீதத்துக்கு மேல் காட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள், யார் சிபாரிசு சொன்னாலும். முளைப் பக்கம் பச்சையோ கருப்போ படிந்த மணிகள் கையில் வந்தாலும் அதேதான். பூஞ்சை நச்சு ஏறிய சோளம் தின்ற கோழி அடுத்த வாரமே முட்டையைக் குறைத்துக் காட்டும், குஞ்சு தின்றால் செத்தே போகும்.

சோயா புண்ணாக்கு 14,400 கிலோ வேண்டும், கையில் 9,800 இருக்கிறது. பார்க்க நிறைய போலத் தெரியும். ஆனால் 24ஆம் தேதிக்கு மேல் தாங்காது, மகாராஷ்டிரத்திலிருந்து லாரி வர ஐந்தாறு நாள் ஆகும், நடுவில் பண்டிகை. அதனால் 12 டன் லோடு 10ஆம் தேதிக்குள் அங்கே ஏறி 16இல் இங்கே இறங்க வேண்டும். தூரத்துச் சரக்கு என்பதால் சோயாவுக்குக் கையிருப்பு இரண்டு வாரம். சோளத்துக்கு ஒரு வாரம் போதும்.

கிளிஞ்சல் 5,270 கிலோ செலவாகும், இருப்பு 4,000, ஆர்டர் 3,000. தவிடு பக்கத்து மில்லிலிருந்து வாரத்துக்கு வாரம் எடுத்தால் போதும், கொழுப்புள்ள தவிட்டைச் சேர்த்து வைத்தால் காறல் வாடை வந்துவிடும். வைட்டமின், மெத்தியோனின் இருப்பு டிசம்பர் வரை இருக்கிறது, எதுவும் வாங்க வேண்டாம்.

தீபாவளி 20ஆம் தேதி திங்கள். மிக்சர் ஆட்களுக்கு 20, 21 இரண்டு நாளும் லீவு. அந்த இரண்டு நாளைக்கு 2 சதவீதம் சேர்த்து லேயர் 2,564, பிரீ லேயர் 1,600, சிக் மேஷ் 378, ஆக 4,542 கிலோ, 50 கிலோ மூட்டையில் 91. இதை 18, 19 இரண்டு நாளில் ஓட்டிக் கட்டி வைத்துவிடுங்கள். மற்ற நாள்களில் கலந்த தீவனம் இரண்டு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. 3ஆம் ஷெட்டுக்குப் பிரீ லேயர் மாற்றமும் அதே நேரத்தில் வருவதால் 18ஆம் தேதி சனிக்கிழமையே குரோவரோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுக்க ஆரம்பியுங்கள். பண்டிகை நாளில் திடீரென்று புதுத் தீவனம் போட்டால் கோழி மூக்கால் தள்ளிவிட்டு நிற்கும், அதைக் கவனிக்க ஆளும் இருக்காது.

கணக்கு எங்கே பிசகும் என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வியாபாரி இதோ வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஆறு நாள் தள்ளினார். விலைபோகாத கோழிக்கு ஆறு நாளும் தீவனம் போட்டோம், அதற்குள் அடுத்த ஷெட்டுச் சோளம் கரைந்துவிட்டது. இந்தத் தடவை 2ஆம் ஷெட்டு ஒரு நாள் தள்ளினால் 1,023 கிலோ தீவனம், அதில் சோளம் மட்டும் 2 சதவீதம் சேர்த்து 543 கிலோ கூடுதல். 16 காலை அந்த ஷெட்டில் கோழி நின்றால் அன்றே கணக்கைத் திருத்துவோம். இரண்டாவது, மழை பிடித்துக் குளிர்ந்தால் கோழி கூடுதலாகத் தின்னும். 1ஆம் ஷெட்டு 108இலிருந்து 112க்குப் போனால் நாளைக்கு 47 கிலோ. தொட்டி மாலையில் துடைத்த மாதிரி காலியாக இருந்தால் அதைக் குறித்துச் சொல்லுங்கள், அடுத்த நாள் அளவைக் கூட்டலாம். குஞ்சு ஒரு வாரம் தாமதமானால் பரவாயில்லை, சிக் மேஷ் மொத்தமே நான்கு டன் கூட இல்லை.

ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு நோட்டில் எழுத வேண்டியது: ஷெட்டு எண், வயது, இறப்பு போக மீதிக் கோழி, நேற்றுப் போட்ட மூட்டை. மூட்டைக் கிலோவை 1,000ஆல் பெருக்கிக் கோழி எண்ணிக்கையால் வகுத்து வரும் கிராமை இந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 5 கிராம் குறைந்தால் அது தீவனக் கணக்கு இல்லை, கோழிக்கு உடம்பு சரியில்லை. டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த எண்ணிக்கை நவம்பர் 2 ஞாயிறு காலை. 3ஆம் ஷெட்டில் அதற்குள் முட்டை விழ ஆரம்பித்திருந்தால் எத்தனை என்று சேர்த்து எழுதுங்கள். நூற்றுக்கு 5 கோழி முட்டையிட்டதும் அந்த ஷெட்டு முழுவதற்கும் லேயர் மேஷ், அடுத்த தாளில் சோயாவும் கிளிஞ்சலும் அதற்கேற்ப மாறும்.