வீட்டில் சொல்லாதே என்று சொல்பவர் யார்?

(கோவில்பட்டி அருகே ஒரு மேல்நிலைப்பள்ளியில், 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலைய உதவி ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை)

பிள்ளைகளுக்கும், பின்வரிசையில் இருக்கும் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போலீஸ் வந்தால் செல்போனைத் தொடாதே என்றுதான் சொல்லும் என்று நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. விளையாடுங்கள். ஆனால் விளையாட்டுக்குள் உங்களோடு யார் விளையாடுகிறார்கள் என்பதைப் பார்த்து விளையாடுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. அம்மாவின் போனைத் திறக்கும் எண் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். அம்மாடி, ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! சரி, அந்த எண்ணை நண்பனிடம் சொன்னவர்கள் யார்? இப்போது கைகள் பாதி தூரம்தான் எழும்புகின்றன.

அந்த போனில் உங்கள் விளையாட்டு மட்டுமா இருக்கிறது? பணம் அனுப்பும் செயலி இருக்கிறது, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி இருக்கிறது, ஆதார் அட்டையின் படம் இருக்கிறது. நான்கு இலக்க எண் என்றால் மொத்தமே 10,000 வாய்ப்புகள். அதிலும் பிறந்த வருடத்தை வைத்துவிட்டால் 19 அல்லது 20 என்று பாதி எண் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. 123456 என்று வைப்பவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது.

நல்ல கடவுச்சொல்லுக்கு நீளம்தான் முக்கியம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். `murungai-rayil-pambaram-uppu` என்பது போல. முருங்கை, ரயில், பம்பரம், உப்பு: உங்களுக்கு மறக்காது, அடுத்தவருக்கு ஊகிக்க வராது. இதையே எழுதிக்கொள்ளாதே தம்பி, இந்த அரங்கமே கேட்டுவிட்டது!

விளையாட்டுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று என்று வையுங்கள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதிது வைப்பதற்கான இணைப்பு எங்கே வருகிறது? பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான். அது ஒருவன் கைக்குப் போனால் மற்றவையும் பின்னாலேயே போகும். நட்புக்கு அடையாளமாகக் கடவுச்சொல்லைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் சில வகுப்புகளில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நட்பு இருக்கட்டும், கடவுச்சொல் வேண்டாம். அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், அதோடு நிறுத்துங்கள்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. யுபிஐ பின் எண் பணம் அனுப்பத்தான் தேவைப்படும், வாங்குவதற்குத் தேவையே இல்லை. பரிசு விழுந்திருக்கிறது, பின் எண்ணைப் போடு என்று யார் சொன்னாலும் பொய். இலவச டைமண்ட் தருவதாகச் சொல்லி உங்கள் விளையாட்டுக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் இணைப்பும் அதே வகைதான். ஓடிபி கேட்டால் விளையாட்டையே மூடிவிடுங்கள்.

இனி அந்நியர்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடினாலும் பிஜிஎம்ஐ ஆடினாலும் முன்பின் தெரியாதவர்களோடுதான் ஆட வேண்டியிருக்கிறது. அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நியாயம்தான். கெட்ட எண்ணத்தோடு வருபவனை முதல் நாளில் கண்டுபிடிக்கவும் முடியாது. அவன் நன்றாக ஆடுவான், உங்களைக் காப்பாற்றுவான், ஸ்கின் வாங்கிக் கொடுப்பான். எங்களிடம் வரும் புகார்களில் அவனை யாரும் முரடன் என்று சொல்வதில்லை. "ரொம்ப நல்ல அண்ணன் மேடம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்த அண்ணன் அடுத்து எந்த ஊர், எந்தப் பள்ளி, வீட்டில் யார் யார், அப்பா எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்பான். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணக் கேள்வி. பிறகு, இங்கே பேச வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா, இன்ஸ்டாகிராமுக்கு வா என்பான். அங்கே ஒரு புகைப்படம் கேட்பான். சீருடையில் எடுத்தது என்றால் சட்டைப்பையில் இருக்கும் முத்திரையே பள்ளியின் பெயரைச் சொல்லிவிடும். அதன்பின் வேறு மாதிரியான படம் கேட்பான். அனுப்பிவிட்டால் அன்றோடு அண்ணன் வேடம் கலைந்துவிடும். பணம் கொடு, இன்னொரு படம் கொடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்பான். பெண் குரலில் பேசினாள், என் வயதுதான் என்றாள் என்று நம்பாதீர்கள். குரலை மாற்றிக் கேட்கச் செய்யும் செயலிகள் இருக்கின்றன. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பது என்று பையன்கள் நினைக்க வேண்டாம். பையன்களுக்கும் நடக்கிறது, அவர்கள் வெளியே சொல்ல இன்னும் அதிகமாகத் தயங்குகிறார்கள்.

இத்தனை வேடத்திலும் அவன் மறக்காமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "வீட்டில் சொல்லாதே, போனைப் பிடுங்கிவிடுவார்கள்." அவனிடம் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தப் படம்கூட இல்லை, இந்தப் பயம்தான். ஆகவே இந்த வாக்கியம் காதில் விழுந்த நிமிடமே வீட்டில் சொல்ல வேண்டிய நிமிடம்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பல பிள்ளைகள் விழுங்கிவிடுகிறார்கள். முழுக் கதையையும் சொல்ல வேண்டாம். "அம்மா, போனில் ஒருவர் என்னைப் பயமுறுத்துகிறார், நீ திட்டாமல் கேள்" என்று ஆரம்பித்தால் போதும். வாயால் சொல்ல வரவில்லையா, தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். அப்பாவிடம் பயமென்றால் அத்தை, தாத்தா, வகுப்பாசிரியர் என்று உங்களுக்குப் பிடித்த ஒரு பெரியவர் இருப்பார். அப்படியும் யாரும் இல்லையென்றால் 1098. குழந்தைகளுக்கான எண், காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். தவறு உங்கள் மேலும் இருக்கிறது என்று தோன்றினாலும் சொல்லுங்கள். படம் அனுப்பிய பிள்ளையைப் பிடிக்க நாங்கள் வருவதில்லை, மிரட்டியவனைத்தான் தேடுகிறோம்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், கெஞ்சாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அவனுடைய கணக்கின் பெயரும் பேச்சும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். நண்பனின் அப்படிப்பட்ட படம் உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பக் கூடாது, வேடிக்கைக்கும் கூடாது. அது குற்றம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொல்லும் அன்று கையை ஓங்காதீர்கள், போனையும் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அந்த அயோக்கியன் சொன்னது உண்மையாகிவிடும், அடுத்த முறை பிள்ளை அவனிடமே போகும். கோபத்தில் அவனுக்கு நீங்கள் செய்தி அனுப்பவும் வேண்டாம். போனைக் கடையில் கொடுத்து ரீசெட் செய்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் எல்லாம் போன பிறகு நாங்கள் எதை வைத்துத் தேடுவது? பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தும் வாய்ப்பு அதிகம். மற்றவற்றுக்கு cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

பெயர் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம். அப்போது நான் வந்தால் இந்தக் காக்கிச் சட்டையில் வர மாட்டேன், சேலையிலோ சுடிதாரிலோதான் வருவேன். சட்டமே அப்படித்தான் வரச் சொல்கிறது.

இப்போது கேள்விகள். எழுந்து கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தலைமையாசிரியை அறை வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். மாலை நான்கு மணி வரை இங்கேதான் இருப்பேன். முதல் கேள்வி யார்? அந்த ஜன்னலோரத் தம்பி, வெகுநேரமாகக் கை தூக்கியிருக்கிறாய், கேள்.