'ராவிலே' என்றால் காலையில்: முகாம் சுவரொட்டியின் தமிழ் வடிவம்

அன்புள்ள அக்காவுக்கு,

தோட்டத்து மஸ்டர் ஷெட் சுவரில் இருக்கும் மருத்துவ முகாமின் மலையாளச் சுவரொட்டியை நீங்கள் படம் எடுத்து அனுப்பியது கிடைத்தது. முதல் படத்தில் டியூப் லைட் வெளிச்சம் நட்டநடுவில் அடித்து ஒரு வரியையே வெள்ளையாக்கியிருந்தது. நேற்று இரண்டாவது படம் வந்த பிறகுதான் முழுதும் படிக்க முடிந்தது.

கீழே தமிழ் வடிவம். பெரிய எழுத்தில் அச்செடுத்து, மலையாளச் சுவரொட்டிக்கு நேர் அடியில் ஒட்டுங்கள். வேறு சுவரில் ஒட்ட வேண்டாம். காரணத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

---

இலவச மருத்துவப் பரிசோதனை முகாம்

2026 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை
காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை
இடம்: கீழ் டிவிஷன் பள்ளிக்கூடம்
நடத்துவது: அரசு குடும்ப ஆரோக்கிய மையம்

நேரத்தோடு கண்டுபிடிப்போம், நேரத்தோடு வைத்தியம் பார்ப்போம்!

யார் வரலாம்?
தோட்டத் தொழிலாளர்கள் (நிரந்தரம், தற்காலிகம் இரண்டும்), ஓய்வு பெற்றவர்கள், அவர்களை நம்பியிருக்கும் குடும்பத்தினர். வெளிமாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் வரலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் (பிரஷர்): 30 வயது நிறைந்த ஆண்கள், பெண்கள்.

வாய்ப் புற்றுநோய்: 30 முதல் 65 வயது வரை உள்ள ஆண்கள், பெண்கள். வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் தவறாமல் வரவும்.

மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்கள். பெண் மருத்துவர் பார்ப்பார். தனி அறை உண்டு. மாதவிலக்கு நாட்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை மட்டும் அன்று கிடையாது. வேறு நாள் குறித்துத் தரப்படும். மற்றப் பரிசோதனைகளுக்கு அவர்களும் வரலாம்.

டி.பி. (காசநோய்) சளிப் பரிசோதனை: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வரலாம். இதற்கு வயது வரம்பு இல்லை.

இருமல் இரண்டு வாரமா? இப்போதே காட்டுங்கள்!

சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர்கள் கவனத்துக்கு:
முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றில் வரவும். டீ, காப்பியும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளவும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை ரத்தம் எடுத்த பிறகே எடுத்துக்கொள்ளவும். அவற்றைக் கையோடு கொண்டு வரவும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதற்கான டோக்கன் காலை 10 மணி வரை மட்டும்.

கொண்டு வர வேண்டியவை:
ஆதார் கார்டு அல்லது ரேஷன் கார்டு, ஏதாவது ஒன்று போதும். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வரவும்.

பரிசோதனையும் முகாமில் தரும் மருந்தும் இலவசம். தொடர்ந்து வைத்தியம் தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தரப்படும்.

உப்பு குறைந்தால் பிரஷர் குறையும்!
அம்மா நலமானால் வீடே நலம்!

முன்பதிவுக்கு: மேலே சிவப்புக் கட்டத்தில் உள்ள எண். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. மதியம் 1 மணி முதல் 2 மணி வரை எடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் கிடையாது.

மருத்துவ சந்தேகங்களுக்கு: திஷா உதவி எண் 1056. கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் பேசலாம்.

---

ஒட்டும் முன் யாராவது 'இது ஏன் இப்படி?' என்று கேட்டால் சொல்வதற்காகச் சில விவரங்கள்.

நேரத்தை எழுதும்போதுதான் அதிகம் பயந்தேன். மூலத்தில் முன்பதிவு எண்ணுக்கு 'ராவிலெ 9 முதல் வைகிட்டு 5 வரெ' என்று இருக்கிறது. மூணாறில் பிறந்து வளர்ந்த நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கல்யாணமாகி வந்த மருமகள்களை நினைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னால் அவர்கள் காதில் விழுவது 'ராவிலே'. இரவு ஒன்பது மணி! 'வைகிட்டு' அவர்களுக்கு வைகறை போல ஒலிக்கும். இரவு ஒன்பதிலிருந்து விடிய ஐந்து வரை போன் எடுப்பார்கள் என்று கடிகாரமே தலைகீழாகிவிடும். அடுத்த வரியில் 'ஞாயறாழ்ச்ச ஒழிகெ' என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக என்பதுதான் பொருள். நம் ஆட்கள் காதில் அது ஞாயிற்றுக்கிழமை ஒழிக என்று கோஷம் போட்ட மாதிரி இருக்கும்.

காய்ச்சலும் அப்படித்தான். மலையாளத்தில் 'பனி'. என் அம்மா லயத்துக்கு வந்த புதிதில், ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'பனி உண்டோ?' என்று கேட்டதற்கு, 'இந்த மலையில் வருஷம் முழுக்கப் பனிதானே அம்மா' என்று பதில் சொல்லியிருக்கிறார். நர்சும் தலையாட்டிக்கொண்டு காய்ச்சல் இருப்பதாக எழுதிவிட்டார். வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் டி.பி. வரியில் 'மாலையில் பனி' என்று யாராவது படித்துவிட்டால், அது தனக்கான வரி என்றே தெரியாமல் போய்விடுவார்கள்.

'பிரமேஹம்' என்பதைத் தொடவே இல்லை. அது சர்க்கரை நோய்தான். ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் காதில் அது மேகநோய் என்று விழும்; அவர்களுக்கு மேகநோய் என்றால் வெளியில் சொல்லக் கூசும் வேறு வியாதி. அந்த எண்ணத்தோடு யாரும் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். எல்லாரும் சொல்கிற 'சர்க்கரை' போதும். 'நீரிழிவு' என்றுகூட எழுதவில்லை. 'குடும்ப ஆரோக்கிய மையம்' என்பதை நல்ல தமிழில் குடும்ப நல மையம் என்று எழுதிவிடலாம் என்று முதலில் கை போனது. தமிழ்நாட்டில் குடும்ப நலம் என்றால் கருத்தடை என்றே பாதிப் பேருக்குப் படும். ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பினால் முகாம் அவ்வளவுதான். அதனால் மூலத்தில் உள்ள 'ஆரோக்கிய'த்தை அப்படியே விட்டுவிட்டேன்.

வயது விஷயத்தில் மூலம் கொஞ்சம் வழவழா. '30 வயஸ்ஸினு முகளில்' என்கிறது. அப்படியே '30 வயதுக்கு மேல்' என்று போட்டால், சரியாக முப்பது முடிந்த பெண் 'எனக்கு இல்லை' என்று திரும்பிவிடுவாள். நீங்கள் மையத்தில் விசாரித்து முப்பது முடிந்தவர்களும் உண்டு என்று சொன்னதால் 'நிறைந்த' என்று எழுதினேன். இதை என் இஷ்டத்துக்கு எழுதியிருந்தால் தவறு.

இரண்டாவது படம் கேட்டதன் காரணம் ஒரே ஓர் எழுத்து. ஆதார் 'கார்டோ' ரேஷன் 'கார்டோ' என்றால் இரண்டில் ஒன்று. 'கார்டும்', 'கார்டும்' என்றால் இரண்டும் வேண்டும். வெளிச்சம் சரியாக அந்தக் கடைசி எழுத்தின் மேல்தான் விழுந்திருந்தது. ஊகித்து எழுதியிருக்கலாம். இரண்டும் வேண்டும் என்று ஊகித்திருந்தால், ரேஷன் கார்டு ஊரில் இருக்கும் ஆட்கள் அன்று லயத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். பெரிதாக்கிப் பார்த்ததில் 'ஓ'காரம் தெளிவாகத் தெரிந்தது.

கோஷங்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. 'உப்பு குறய்க்கூ, மர்த்தம் குறய்க்கூ' என்பதைத் தமிழில் 'குறை' என்றால் மரியாதைக் குறைவு, 'குறையுங்கள்' என்றால் நீளம். 'உப்பு குறைந்தால் பிரஷர் குறையும்' என்று திருப்பிப் போட்டதும் இரண்டும் தீர்ந்தது. முதல் கோஷத்தில் 'நேரத்தோடு குணமாவோம்' என்று போட்டால் ஓசை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் மூலத்தில் வைத்தியம்தான் இருக்கிறது, குணமாகும் என்ற வாக்குறுதி இல்லை. ஓசைக்காக அதை நான் தர முடியாது. 'அம்மா நலமானால் வீடே நலம்' எனக்குப் பிடிக்கவில்லை; வீட்டுக்காக மட்டும்தான் அம்மா நலமாக இருக்க வேண்டுமா என்ன? ஆனாலும் சுவரொட்டி அவர்களுடையது. திருத்தாமல் விட்டேன்.

வெளிமாநிலத்தவரைக் கேரளத்தில் 'அதிதி தொழிலாளிகள்' என்று எழுதுகிறார்கள். விருந்தாளித் தொழிலாளர்கள் என்று போட்டால் நம் ஜனங்கள் சிரிப்பார்கள். அதைவிட, மூன்று தலைமுறையாகக் கொழுந்து எடுக்கிற குடும்பம், 'நம்மையும் விருந்தாளி என்கிறார்களா?' என்று கேட்டுவிடும். அதனால் 'வந்து வேலை செய்பவர்களும்' என்று நேராகவே எழுதிவிட்டேன்.

முன்பதிவு எண்ணைத் தமிழில் நான் அடிக்கவில்லை. பத்து இலக்கத்தில் ஒன்று பிசகினாலும் யாரோ ஒருவர் வீட்டில் நாள் முழுக்க மணி அடிக்கும். மேலே இருப்பதையே பார்த்துக்கொள்ளட்டும். நேர் அடியில் ஒட்டச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று, இது மொழிபெயர்ப்பில் வராது, நீங்கள்தான் மையத்தில் சொல்ல வேண்டும். அந்த எண் காலை 9 முதல் மாலை 5 வரை. அந்த நேரம் முழுக்க நம் பெண்கள் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். கஞ்சி குடிக்க உட்காரும் மதிய நேரத்தில் போன் எடுக்க ஆள் இல்லை. முகாம் நடப்பதோ ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் அந்த எண் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்கக்கூட அடிக்க முடியாது. மஸ்டர் நேரத்தில் நீங்களோ டிஸ்பென்சரியிலோ பெயர் எழுதிக்கொள்ள மையம் சம்மதித்தால், அந்த வரியை என்னிடம் சொல்லுங்கள், சேர்த்து அனுப்புகிறேன். அவர்கள் சம்மதிக்காமல் நாமாக எழுதக் கூடாது.

ஒட்டிய பிறகு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பிழை இருந்தால் பார்த்துவிடலாம். இந்த முறை டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள்.

அன்புடன்,
போடியிலிருந்து உங்கள் தங்கை