லீவு மீதி அட்டவணை: 2025 செப்டெம்பர் 30 வரை

புறக்கோட்டைக் கிளை, நிர்வாகப் பிரிவு

அரை நாள் லீவு 0.5 எனக் காட்டப்பட்டுள்ளது. போயா தினங்கள் லீவில் கழிக்கப்படவில்லை.

வருடாந்த லீவு

| ஊழியர் இல. | பதவி | 2024இலிருந்து கொண்டுவந்தது | 2025 உரித்து | எடுத்தது | மீதி |
|---|---|---|---|---|---|
| 017 | கணக்காளர் | 5 | 14 | 8 | 11 |
| 023 | காசாளர் | 0 | 14 | 13 | 1 |
| 031 | களஞ்சியப் பொறுப்பாளர் | 7 | 14 | 3 | 18 |
| 044 | விற்பனை உதவியாளர் | 0 | 7 | 2 | 5 |
| 046 | சாரதி | 0 | 4 | 4 | 0 |
| 052 | அலுவலக உதவியாளர் | 0 | 0 | 0 | 0 |

அமைய லீவு (அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது)

| ஊழியர் இல. | உரித்து | எடுத்தது | மீதி |
|---|---|---|---|
| 017 | 7 | 4.5 | 2.5 |
| 023 | 7 | 6 | 1 |
| 031 | 7 | 1 | 6 |
| 044 | 7 | 5 | 2 |
| 046 | 7 | 3.5 | 3.5 |
| 052 | 3 | 2 | 1 |

044, 046 இருவரும் "எல்லாருக்கும் 14, எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு?" என்று கேட்டிருந்தார்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் வருடாந்த லீவு இல்லை. இரண்டாம் ஆண்டு உரித்து, சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதன் பிறகு 4. 044 சேர்ந்தது 2024 ஓகஸ்டில், 046 நவம்பரில். அடுத்த ஜனவரியில் இருவருக்கும் முழு 14 நாளும் வரும். 052 இந்த மார்ச் 3இல் சேர்ந்தவர். அவருக்கு இரண்டு மாதம் முடிய ஒரு நாள் வீதம் அமைய லீவு மட்டுமே.

046இன் கணக்கில் சென்ற மாதம் எங்கள் பக்கம் பிழை. ஓகஸ்ட் 14 காலை அவர் கொள்கலன் எடுக்கத் துறைமுகத்தில் நின்றதால் இங்கே கைரேகை பதியவில்லை, பிற்பகல்தான் லீவு. முழு நாளாகக் கழித்ததை அரை நாளாகத் திருத்தியிருக்கிறோம்.

எமது நிறுவன விதிப்படி 2026க்குக் கொண்டுபோகக்கூடியது 7 நாள் மட்டும். எடுக்கும் லீவு முதலில் பழைய மீதியிலிருந்தே கழியும். டிசம்பர் 31உடன் பழைய மீதி காலாவதியாகும். ஆகவே 017 இன்னும் 4 நாளும், 031 இன்னும் 11 நாளும் எடுக்காவிட்டால் அவை வீணாகிவிடும். டிசம்பரில் சரக்குக் கணக்கெடுப்பு. அப்போது களஞ்சியத் திறப்பைக் கொடுத்துவிட்டு யாரும் போக முடியாது. 031 ஒக்டோபர், நவம்பருக்குள் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுப்பது நல்லது. 14இல் 7 நாள் அப்படித் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பது சட்டத்திலும் உள்ளது.

தீபாவளி ஒக்டோபர் 20, திங்கள். மறுநாளுக்கு ஏற்கெனவே நால்வர் விண்ணப்பம் தந்துள்ளார்கள். இருவரைத்தான் விட முடியும். உங்களுக்குள் பேசி முடிவைச் சொல்லுங்கள். அட்டவணையில் பிழை இருந்தால் ஒக்டோபர் 10 வெள்ளிக்கு முன் லீவுப் படிவத்தின் பிரதியோடு வரவும்.